இயந்திரத்தை வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா: இன்றைய மதிப்பில் கணக்கிடும் முறை

கோயம்புத்தூர் கணபதி பகுதியில் பம்பு உதிரிபாகங்களை ஜாப் வொர்க் முறையில் கடைந்து கொடுக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் பட்டறையை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டி வடிவமைக்கும் ஒரு புதிய விஎம்சி இயந்திரம் தேவைப்படுகிறது. இயந்திரத்தின் விலை ஜிஎஸ்டி நீங்கலாக ரூ.30 லட்சம். வங்கி 10.7% வட்டியில் ஐந்தாண்டு டேர்ம் லோன் தர முன்வருகிறது. முழு விலைக்கும் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.64,780 வரும். லீஸ் நிறுவனமோ அதே இயந்திரத்தை மாதம் ரூ.56,000 வாடகைக்கு 60 மாதங்கள் தருவதாகவும், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வாடகையைச் செலுத்த வேண்டும் என்றும், மூன்று மாத வாடகையான ரூ.1,68,000-ஐ வட்டியில்லா டெபாசிட்டாக வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்தாண்டு முடிந்ததும் இயந்திரம் அவர்களிடம் திரும்பிப் போய்விடும். இவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்களுக்கு வந்த கொட்டேஷனில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் வைத்தால் கணக்கு அப்படியே பொருந்தும்.

லீஸ் விற்க வருபவர் முதலில் காட்டுவது 64,780-க்கும் 56,000-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான். அந்த ஒப்பீடு தவறானது. தவணை கட்டி முடித்தவரிடம் ஐந்தாம் ஆண்டு இறுதியில் ஓர் இயந்திரம் இருக்கிறது. வாடகை கட்டி முடித்தவரிடம் இயந்திரம் இல்லை. மொத்தத் தொகைகளை ஒப்பிடுவதும் இதே அளவுக்குத் தவறானதுதான். 60 தவணைகளின் கூட்டுத்தொகை ரூ.38.87 லட்சம் என்றும் 60 வாடகைகளின் கூட்டுத்தொகை ரூ.33.60 லட்சம் என்றும் எழுதும்போது, முதல் மாதத்து ரூபாயும் அறுபதாம் மாதத்து ரூபாயும் ஒன்றே என்று நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லாச் செலவுகளையும் ஒரே தேதிக்கு, அதாவது இன்றைய தேதிக்குக் கொண்டுவந்த பிறகே அவற்றை ஒப்பிட முடியும்.

படி 1: இரு பக்கமும் ஒரே பொருள்தானா என்று பார்த்தல்

கணக்கைத் தொடங்கும் முன் ஒப்பந்தத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். பராமரிப்பும் காப்பீடும் யார் பொறுப்பு என்பது முதல் கேள்வி. இயந்திர லீஸ்களில் பெரும்பாலும் இரண்டும் பயன்படுத்துபவரின் பொறுப்பாகவே இருக்கும். அப்படியானால் வாங்கினாலும் லீஸ் எடுத்தாலும் அதே செலவுதான் என்பதால் இரு பக்கத்திலும் அவற்றை விட்டுவிடலாம். லீஸ் வாடகையில் ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் அடங்கியிருந்தால், வாங்கும் பக்கத்தில் ஏஎம்சி செலவை ஆண்டுதோறும் சேர்க்க வேண்டும். மின்சாரம், டூலிங், ஆபரேட்டர் சம்பளம் போன்றவை எப்படியும் ஒன்றே என்பதால் அவற்றைக் கணக்கில் கொண்டுவரத் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி, முடிவில் இயந்திரம் யாருக்கு என்பது. மிகச் சிறிய தொகைக்கு இயந்திரம் உங்கள் பெயருக்கு மாறும் என்று ஒப்பந்தம் சொன்னால், அது பெயரளவில் லீஸாக இருந்தாலும் தவணை முறைக் கொள்முதலாகவே கருதப்பட வாய்ப்புண்டு; அப்போது வாடகை முழுவதையும் செலவாகக் காட்ட முடியாமல் போகலாம். இந்த ஒன்றை மட்டும் கையெழுத்திடும் முன் ஆடிட்டரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது, ஏனெனில் கீழே வரும் வரிக் கணக்கு முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது.

படி 2: கழிவு விகிதத்தைத் தீர்மானித்தல்

எதிர்காலத்தில் தரவேண்டிய தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் பயன்படும் வட்டி விகிதமே கழிவு விகிதம். 10.7% என்று வைத்தால், ஓராண்டு கழித்துத் தரவேண்டிய ரூ.1 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ரூ.89,900. இன்று ரூ.89,900 கடன் வாங்கினால் ஓராண்டில் அது மாதாந்திர வட்டியோடு வளர்ந்து ரூ.1 லட்சம் ஆகிவிடும் என்பதே இதன் பொருள்.

எந்த விகிதத்தை எடுப்பது என்பதில்தான் இந்தக் கணக்கு பெரும்பாலும் தடம் புரள்கிறது. "என் தொழிலில் போட்ட பணம் 16% சம்பாதிக்கிறது, ஆகவே 16% தான் வைப்பேன்" என்று சிலர் வாதிடுவார்கள். லீஸில் செலவுகள் பிற்காலத்துக்குத் தள்ளிப் போகின்றன. விகிதத்தை உயர்த்த உயர்த்த அந்தப் பிற்காலச் செலவுகள் சுருங்கிக்கொண்டே போகும். நம் எடுத்துக்காட்டில் வாடகைகளும் டெபாசிட்டும் 10.7%-இல் ரூ.26.86 லட்சம் பெறுமானமுள்ளவை. 16%-இல் அவை ரூ.24.26 லட்சமாகிவிடும். இயந்திரமும் வாடகையும் மாறாத நிலையில், விகிதத்தை மாற்றியதால் மட்டுமே காகிதத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் "மிச்சமாகிறது".

லீஸ் வாடகை, மாதம் தவறாமல் கட்டியே தீரவேண்டிய கடப்பாடு. அந்த வகையில் அது வங்கிக் கடனுக்குச் சமமானது. தவறினால் இயந்திரத்தை எடுத்துச் சென்றுவிடுவார்கள். உங்களுக்குக் கடன் தரக்கூடிய அடுத்த வங்கியும் இந்த வாடகையை உங்கள் கடன் சுமையோடு சேர்த்தே பார்க்கும். ஆகவே இதே ஐந்தாண்டுக் காலத்துக்கு, இதே இயந்திரத்தை ஈடாக வைத்து, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய கடனின் வட்டியே சரியான விகிதம். 2019 ஏப்ரலில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏஎஸ் 116 கணக்கியல் தரநிலையும், லீஸில் உள்ளடங்கிய வட்டியை எளிதில் கண்டறிய முடியாதபோது, எடுப்பவர் கூடுதலாகக் கடன் வாங்கினால் தரவேண்டியிருக்கும் வட்டியைக் கொண்டே வாடகைகளை இன்றைய மதிப்புக்குக் குறைக்கச் சொல்கிறது. அந்தத் தரநிலை சிறிய பட்டறைகளுக்குப் பொருந்தாது என்றாலும் அதன் பின்னுள்ள தர்க்கம் எல்லோருக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை: "ஃபிளாட் ரேட்" என்று சொல்லப்படும் வட்டியை இங்கே பயன்படுத்தக் கூடாது. அது முதல் நாள் அசலின் மேலேயே ஐந்தாண்டும் கணக்கிடப்படுவது. குறைந்துவரும் அசலின் மேல் பார்த்தால் உண்மையான வட்டி ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கும்.

படி 3: வரியில்லாமல் ஒரு முறை போட்டுப் பார்த்தல்

வரியைச் சேர்க்கும் முன் வெறும் பணப்போக்கை மட்டும் வைத்து ஒரு முறை கணக்கிட்டால் கணக்கின் உருவம் தெளிவாகப் புலப்படும். எக்ஸெலில் வாடகைகளின் இன்றைய மதிப்புக்கு ஒரே வரி போதும்.

```
=PV(10.7%/12, 60, -56000, 0, 1)
```

கடைசியில் உள்ள 1 என்பது மாதத் தொடக்கத்திலேயே வாடகை கட்டப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. அதை விட்டுவிட்டால் எக்ஸெல் மாத இறுதியில் கட்டுவதாக எடுத்துக்கொண்டு, விடையை இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் குறைத்துக் காட்டும். விடை ஏறத்தாழ ரூ.26.17 லட்சம். டெபாசிட் இன்று போய் ஐந்தாண்டு கழித்து அதே தொகையாகத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் ரூ.1,68,000-இன் இன்றைய மதிப்பு ஒரு லட்சத்துக்கும் குறைவு என்பதால், டெபாசிட்டால் ஏற்படும் உண்மையான செலவு ரூ.69,000. இரண்டும் சேர்ந்து லீஸ் பக்கம் ரூ.26.86 லட்சம்.

வாங்கும் பக்கம் இன்று ரூ.30 லட்சம். "கடனுக்கு வாங்கினால் வட்டியையும் சேர்க்க வேண்டாமா" என்ற கேள்வி இங்கே எழும். சேர்க்கக் கூடாது. 64,780 ரூபாய் கொண்ட 60 தவணைகளையும் 10.7%-இல் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால், சரியாக ரூ.30 லட்சமே வரும். ஏனெனில் வங்கி அந்தத் தவணையைக் கணக்கிட்டதே அந்த விகிதத்தில்தான். விலையையும் எழுதி வட்டியையும் எழுதினால் ஒரே செலவு இருமுறை ஏறிவிடும். நான் பார்த்த ஒப்பீட்டுத் தாள்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுவே. செயலாக்கக் கட்டணம் போன்ற தனிச் செலவுகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியே சேர்க்கலாம்.

ஆக, லீஸைவிட வாங்குவதற்கு இன்றைய மதிப்பில் ரூ.3.14 லட்சம் அதிகம். அதற்கு ஈடாக ஐந்தாண்டு கழித்து இயந்திரம் நம் கையில் இருக்கும். அந்த 3.14 லட்சத்தை ஐந்தாண்டு முன்னோக்கி வளர்த்தால் ரூ.5.35 லட்சம் ஆகிறது. ஐந்தாண்டு ஓடிய இயந்திரம் அதற்கு மேல் விலை போகுமானால் வாங்குவது லாபம். போகாதென்றால் லீஸ் லாபம். மறுவிற்பனை விலை என்னவாக இருக்கும் என்று ஊகித்துக் கணக்கில் நுழைப்பதைவிட, எந்த விலையில் இரு வழிகளும் சமமாகின்றன என்று கண்டுபிடிப்பதே பயனுள்ள வழி. அந்த விலையைச் சமநிலை விலை என்று அழைப்போம்.

படி 4: வரியைச் சேர்த்தல்

நம் பட்டறை, சலுகைகள் எதையும் கோராமல் 22% வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனம் என்று கொள்வோம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து அதன் வரி 25.168%. கடன் வட்டியும் செலவாகக் கழிக்கப்படுவதால், வட்டியாகக் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 25 ரூபாய் வரியில் மிச்சமாகிறது, ஆகவே 10.7% என்பது வரிக்குப் பின் ஏறத்தாழ 8% ஆகிறது. பணப்போக்கை வரிக்குப் பிந்தையதாக எழுதினால் விகிதமும் வரிக்குப் பிந்தையதாகவே இருக்க வேண்டும். இனி எல்லாவற்றையும் 8%-இல் குறைப்போம். வரி மிச்சம் ஒவ்வொரு நிதியாண்டின் இறுதியிலும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கூட்டிய வரி நான்கு தவணைகளாகக் கட்டப்படுவதால் உண்மையில் சற்று முன்னதாகவே கிடைக்கும், ஆனால் இரு பக்கத்துக்கும் அது ஒரே திசையில் போவதால் முடிவு மாறுவதில்லை.

லீஸ் பக்கத்தில் 60 வாடகைகளின் இன்றைய மதிப்பு ரூ.27.80 லட்சம். ஆண்டு வாடகையான ரூ.6,72,000 முழுவதும் செலவாக ஏற்கப்படுவதால் ஆண்டுக்கு ரூ.1,69,129 வரி மிச்சம். ஐந்தாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு ரூ.6.70 லட்சம். டெபாசிட்டின் செலவு ரூ.55,000. நிகரமாக லீஸுக்கு ஆவது ரூ.21.66 லட்சம்.

வாங்கும் பக்கத்தில் தேய்மானம் வருகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15%, அதுவும் குறைந்துவரும் மதிப்பின் மேல். முதலாண்டு ரூ.4.50 லட்சம், இரண்டாமாண்டு ரூ.3.83 லட்சம் என்று இறங்கி, ஐந்தாமாண்டு ரூ.2.35 லட்சமாகிறது. ஐந்தாண்டுகளிலும் கிடைக்கும் வரி மிச்சத்தின் இன்றைய மதிப்பு ரூ.3.41 லட்சம் மட்டுமே. இங்கே ஆண்டுத் தொடக்கத்திலேயே இயந்திரம் ஓடத் தொடங்கியதாக வைத்திருக்கிறேன். அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதலாண்டில் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். அக்டோபர் தொடக்கத்துக்குப் பிறகு இயந்திரத்தை இறக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரு பக்கத்து வரி மிச்சத்திலும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்றால், லீஸில் ரூ.33.60 லட்சமும் ஐந்தாண்டுக்குள் செலவாகிவிடுகிறது, வாங்கினாலோ ரூ.30 லட்சத்தில் ரூ.16.69 லட்சம்தான் ஐந்தாண்டில் தேய்மானமாகிறது, மீதி ரூ.13.31 லட்சம் ஏட்டில் நிற்கிறது. அந்த மீதி வீணாகிவிடுவதில்லை. இயந்திரத்தை விற்கும்போது விற்பனைத் தொகை அந்த வகைச் சொத்துகளின் தொகுப்பு மதிப்பிலிருந்து கழிக்கப்படும். பட்டறையில் வேறு இயந்திரங்களும் இருக்கும் வரை, எஞ்சியது தொடர்ந்து 15% வீதம் தேய்மானம் பெறும். ஆனால் அது மெதுவாக வருவதால் இன்றைய மதிப்பில் பெரிதாக இராது. மறுவிற்பனைத் தொகையையும் இந்த எஞ்சிய தேய்மானத்தையும் சேர்த்துச் சமன் செய்தால், சமநிலை விலை 5.35 லட்சத்திலிருந்து ரூ.6.2 லட்சமாக உயர்கிறது. வரி, லீஸுக்குச் சாதகமாக நகர்த்தியிருக்கிறது.

நஷ்டத்தில் ஓடும் பட்டறைக்கு இந்த வரி மிச்சம் உடனே கிடைக்காது. அவர்கள் படி 3-இன் எண்ணையே எடுத்துக்கொள்வது நேர்மையானது.

படி 5: ஜிஎஸ்டி முடங்கும் காலம்

இயந்திரத்தின் மேல் 18% ஜிஎஸ்டி, அதாவது ரூ.5.40 லட்சம், வாங்கும் நாளிலேயே கட்டப்படுகிறது. உள்ளீட்டு வரி வரவாக அது திரும்பக் கிடைக்கும் என்பதால் செலவு அல்ல என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது பட்டறை மாதாமாதம் கட்டவேண்டிய ஜிஎஸ்டியைப் பொறுத்தது. மாதம் நிகரமாக ரூ.45,000 கட்டும் பட்டறைக்கு அந்த வரவைக் கழித்துத் தீர்க்க ஒரு வருடம் ஆகும். அந்த முடக்கத்தின் இன்றைய செலவு ஏறத்தாழ ரூ.23,000. வாடகையின் மேல் மாதம் கட்டும் ஜிஎஸ்டி உடனுக்குடன் கழிந்துவிடும். இந்த 23,000-ஐ வாங்கும் பக்கத்தில் சேர்த்தால் சமநிலை விலை ரூ.6.6 லட்சமாகிறது.

காருக்கு இது முற்றிலும் வேறு. 13 பேர் வரை ஏறும் பயணிகள் வாகனங்களுக்கு, ஒரு சில தொழில்களைத் தவிர மற்றவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. லீஸ் வாடகையின் ஜிஎஸ்டிக்கும் அதே தடை உண்டு. அப்போது வரியோடு கூடிய விலையையும் வரியோடு கூடிய வாடகையையும் வைத்தே கணக்கிட வேண்டும்.

படி 6: சமநிலை விலையைச் சந்தையில் வைத்துப் பார்த்தல்

இப்போது கேள்வி மிகவும் சுருங்கிவிட்டது: ரூ.30 லட்சத்துக்கு வாங்கிய விஎம்சி ஐந்தாண்டு கழித்து ரூ.6.6 லட்சத்துக்கு, அதாவது விலையில் 22 சதவீதத்துக்கு மேல் போகுமா?

| ஐந்தாண்டுக்குப் பின் விற்பனை | வாங்கும் செலவு | லீஸ் செலவு |
|---|---|---|
| ரூ.10 லட்சம் | ரூ.19.74 லட்சம் | ரூ.21.66 லட்சம் |
| ரூ.6.6 லட்சம் | ரூ.21.66 லட்சம் | ரூ.21.66 லட்சம் |
| ரூ.4 லட்சம் | ரூ.23.12 லட்சம் | ரூ.21.66 லட்சம் |

இதற்கு விடை சொல்லக்கூடியவர் ஆடிட்டர் அல்ல, பழைய இயந்திரம் வாங்கி விற்பவர். அதே மேசை அளவு, அதே கன்ட்ரோலர் கொண்ட ஐந்தாறு வயது இயந்திரத்தை அவர் இன்று என்ன விலைக்கு எடுப்பார் என்று கேட்க வேண்டும். என்ன விலைக்கு விற்பார் என்று கேட்டால் அவருடைய லாபமும் அதில் சேர்ந்துவிடும். ஃபானுக், சீமன்ஸ் போன்று பரவலாகப் பழகிய கன்ட்ரோலர் உள்ள, பொதுப் பயன்பாட்டு விஎம்சிக்கு வாங்குவோர் எளிதில் கிடைப்பார்கள். ஒரே ஒரு பாகத்துக்காக வடிவமைத்த எஸ்பிஎம் இயந்திரத்தை அடுத்தவர் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. அதன் விலை இரும்பு எடைக்கே இறங்கிவிடக்கூடும். ஆகவே விஎம்சிக்கு வாங்குவதைப் பரிந்துரைக்கும் அதே கணக்கு எஸ்பிஎம்முக்கு லீஸைப் பரிந்துரைக்கலாம். ஆனால் லீஸ் நிறுவனத்துக்கும் இது தெரியும் என்பதால், எஸ்பிஎம்முக்கு அவர்கள் கேட்கும் வாடகை பெரும்பாலும் இன்னும் உயரமாகவே இருக்கும்.

ஓடும் நேரத்தையும் பார்க்க வேண்டும். மூன்று ஷிப்ட் ஓட்டும் பட்டறையில் ஸ்பிண்டிலும் கைடுவேயும் ஐந்தாண்டில் அடையும் தேய்வு, ஒரு ஷிப்ட் ஓட்டுபவருடைய இயந்திரத்தைவிட மிக அதிகம். வாங்கினால் அந்தத் தேய்வு உங்கள் விற்பனை விலையைக் குறைக்கும். லீஸில் அது லீஸ் நிறுவனத்தின் பிரச்சினை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் திருப்பித் தரும் நிபந்தனைகளில் ஸ்பிண்டில் ரன்அவுட்டுக்கும் துல்லியத்துக்கும் அளவு எழுதியிருந்தால், அந்த அளவைத் தாண்டிய பழுதுக்கான செலவு டெபாசிட்டிலிருந்தே கழிக்கப்படும். இயந்திரத்தைக் கழற்றி, கிரேன் வைத்து ஏற்றி, அவர்கள் சொல்லும் இடத்தில் இறக்கும் செலவும் பெரும்பாலும் உங்களுடையதே. இவற்றுக்கு ஒரு தொகையை மதிப்பிட்டு, அறுபதாம் மாதச் செலவாக லீஸ் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

படி 7: நடுவில் நிறுத்த நேர்ந்தால்

மேலே உள்ள கணக்கு முழுவதும் ஐந்தாண்டும் இயந்திரம் ஓடும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஜாப் வொர்க் பட்டறைக்கு ஆர்டர் தரும் கம்பெனி மூன்று ஆண்டுகளுக்குத்தான் பர்சேஸ் ஆர்டர் தந்திருக்கிறது என்றால், மூன்றாம் ஆண்டின் இறுதியில் இரு வழிகளும் எப்படி இருக்கும் என்று தனியாகப் பார்க்க வேண்டும். இடையில் ரத்து செய்ய முடியாத லீஸ் என்றால், மீதமுள்ள 24 வாடகைகளையும் கட்டியே ஆக வேண்டும்; அந்தத் தேதியில் அவற்றின் மதிப்பு, வரி மிச்சத்தைக் கழிக்காமல், ஏறத்தாழ ரூ.12.5 லட்சம். வாங்கியவரிடமும் அப்போது பாக்கிக் கடன் இருக்கும், ஆனால் மூன்று வயது இயந்திரத்தை விற்று அதன் பெரும் பகுதியை அடைக்க அவரால் முடியும். லீஸ் எடுத்தவருக்கு விற்க எதுவும் இல்லை.

ஆகவே ஆர்டரின் காலம் லீஸின் காலத்தைவிடக் குறைவாக இருக்கும்போது, சமநிலை விலை லீஸுக்குச் சாதகமாகத் தெரிந்தாலும், 36-ஆம் மாதத்தில் வெளியேறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்திடக் கூடாது. அந்த உரிமைக்காக வாடகையை ரூ.56,000-இலிருந்து ரூ.59,000-ஆக உயர்த்துவார்கள் என்றால், படி 4-இல் வாடகையை மாற்றிப் போட்டுச் சமநிலை விலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். வெளியேறும் உரிமையின் விலை என்ன என்பது அப்போது ரூபாயிலேயே தெரிந்துவிடும்.